நடக்க ஏலும், படி ஏறத்தான் ஏலாது: மூட்டுக்குக் கீழே நொந்த ஒரு முழங்கால்

மட்டக்களப்புக்குத் தெற்கே, எழுவான்கரையில் உள்ள ஒரு சிறிய அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். கீழே வருவது அங்கே நான் பார்த்த ஒரு அம்மாவின் கதை. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாதென்று ஊரையும் சில சின்ன விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வருத்தத்தைப் பற்றிய எதையும் மாற்றவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதோடு பிரசர். மெட்ஃபோர்மினும் லொசார்ட்டனும் கிளினிக்கில் ஒழுங்காக எடுத்து வருகிறார். உயரம் 152 சென்ரிமீற்றர், எடை 76 கிலோ. வலது முழங்காலின் உட்பக்கத்தில் ஐந்து மாதமாக நோ. முதல் முறை வந்தபோது கையில் ஒரு எக்ஸ்ரே இருந்தது. இரண்டு முழங்காலிலும் உட்பக்க இடைவெளி கொஞ்சம் குறைந்து, எலும்பு விளிம்பில் சின்ன முளைகள் வந்திருந்தன. "தேய்மானம்" என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருந்தார். அன்று கிளினிக்கில் நல்ல சனம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நானும் அதையே சொன்னேன். பனடோல் எழுதி, எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அன்றே பார்த்திருந்தால் ஏழு வாரம் மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது முறை

ஏழு வாரம் கழித்து மகளோடு வந்தார். இந்த முறை உட்கார்ந்ததுமே அவராகவே சொன்னார்: "மகன், நடக்க ஏலும். படி ஏறத்தான் ஏலாது."

இந்த ஒரு வசனத்தில்தான் நான் நின்றேன். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டேன். படுவான்கரையில் மகனுடைய வயல் இருக்கிறதாம். போகிற நாட்களில் பஸ்ஸால் இறங்கி மணல் ஒழுங்கையில் ஒரு கட்டைக்குக் கிட்ட நடப்பாராம். அப்போது நோ இல்லை, இருந்தாலும் பெரிதாக இல்லை. ஆனால் வீட்டில் மேல்மாடிக்கு ஏற நாலாவது படியிலேயே முழங்காலின் உட்பக்கம் ஊசி குத்துவது போல இருக்கும். இறங்கும்போது இன்னும் மோசம். கதிரையிலிருந்து எழும்பும் முதல் நொடியிலும் அதே இடம். இரவில் பக்கமாகச் சரிந்து படுத்தால் ஒரு முழங்கால் மற்றதில் படும், அந்த இடம் உளைந்து நித்திரை முறிந்துவிடும்.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் படி கஷ்டம்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலானோருக்குத் தூரம் நடந்தாலும் நோகும், கொஞ்சத் தூரம் போனதும் எங்கேயாவது குந்த வேண்டி வரும். மணலில் ஒரு கட்டை நடந்துவிட்டு வருகிறவர் நாலு படிக்கு அழுகிறார் என்றால், மூட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தேட வேண்டும்.

"எங்கே நோகுது, ஒற்றை விரலால் காட்டுங்கோ அம்மா" என்றேன். தேய்மானம் உள்ளவர்களிடம் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் உள்ளங்கையால் முழங்கால் முழுவதையும் மூடிக் காட்டுவார்கள். இவர் சேலையை உயர்த்தி, சுட்டுவிரலைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் வைத்தார். அது மூட்டில் இல்லை. மூட்டுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உட்பக்க முகத்தில், கொஞ்சம் முன்பக்கமாக இருந்தது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் விதத்தை விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கேனும் இப்படி நோ இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கதிரையில் இருந்து, முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையில் வையுங்கள். முழங்காற் சில்லுக்குக் கீழே தடித்த நாண் ஒன்று இறங்கும். அதன் உட்பக்க ஓரத்தில் விரல் மெதுவாகப் புதையும் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தின் உயரத்திலேயே உட்பக்கமாக விரலை நகர்த்தினால் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு கோடு தட்டுப்படும். அதுதான் மூட்டுக்கோடு. அங்கிருந்து மூன்று விரல் அகலம் கீழே வந்தால், அதாவது ஐந்து ஆறு சென்ரிமீற்றர் இறங்கினால், அந்த அம்மா விரல் வைத்த இடம்.

அங்கே என்ன இருக்கிறது

தொடையிலிருந்து மூன்று தசைகள் இறங்கி வந்து, அவற்றின் நாண்கள் ஒன்றாகச் சேர்ந்து இந்த இடத்தில் எலும்பைப் பிடிக்கின்றன. ஒன்று இடுப்பின் முன்பக்கத்திலிருந்து தொடைக்குக் குறுக்காக வருகிறது. ஒன்று தொடையின் உட்பக்கத்தால் நேராக வருகிறது. மற்றது பின்தொடையிலிருந்து. மூன்று நாண்களும் விரிந்து ஒட்டியிருக்கும் தோற்றம் சவ்வு உள்ள வாத்தின் பாதம் போல இருந்ததால், இலத்தீனில் வாத்துப் பாதம் என்ற பொருளில் பெஸ் அன்சரைனஸ் என்று பெயர் வைத்தார்கள். நாண்களுக்கும் எலும்புக்கும் நடுவே உரசல் வராமலிருக்க ஒரு மெல்லிய பை இருக்கிறது. அதில் மிகக் கொஞ்சம் வழுவழுப்பான திரவம் இருக்கும். அந்தப் பை அழன்று போனால் அதுதான் பெஸ் அன்சரின் பர்சைட்டிஸ். 1937ஆம் ஆண்டு மோஷ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி முதலில் எழுதியபோதும், அவருடைய நோயாளிகள் படி ஏறி இறங்க முடியாமல் வந்த பெண்கள்தான்.

படிக்கும் இந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்? மட்டமான தரையில் நடக்கும்போது பாரத்தைத் தாங்கும் முழங்கால் 15, 20 பாகைதான் மடங்குகிறது. படியில் காலை வைத்து உடம்பைத் தூக்கும்போது 60 பாகைக்கு மேல் மடங்கியிருக்கிறது, முழுப் பாரமும் அந்த ஒரு காலில்தான். மடங்கிய முழங்கால் உட்பக்கமாகச் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் வேலையில் இந்த மூன்று நாண்களுக்கும் பங்கு இருக்கிறது. தொடைத் தசையும் இடுப்பின் பக்கத் தசையும் பலமாக இருந்தால் நாண்களுக்குச் சுமை குறைவு. வயதோடு அவை மெலியும்போது, எடையும் கூடியிருந்தால், பாதமும் தட்டையாக இருந்தால், ஒவ்வொரு படியிலும் முழங்கால் உள்ளே விழும். நாண்கள் இறுகி அந்தப் பையை எலும்போடு அழுத்தும். இந்த வருத்தம் ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. அதனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பது இதை இல்லையென்று ஆக்கிவிடாது. இரண்டும் சேர்ந்தே வரும். அன்று நான் பிழை விட்டது அங்கேதான்.

அம்மாவைக் கட்டிலில் இருத்தி இரண்டு காலையும் பார்த்தேன். வலது பக்கம் அந்த இடத்தில் கொஞ்சம் பொதபொதவென்றிருந்தது. சிவப்பில்லை, சூடில்லை. கட்டைவிரலால் அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டார். இடது காலில் அதே இடத்தை அதே பலத்தில் அழுத்தினேன், முகம் சுளிக்கவில்லை. இந்த ஒப்பீட்டை விடக் கூடாது. உடம்பு பாரமானவர்களுக்கு அந்த இடத்தை அழுத்தினால் வருத்தம் எதுவும் இல்லாமலேயே நோவதுண்டு. ஒரு காலை மட்டும் அழுத்திவிட்டு முடிவு சொல்ல முடியாது.

அதன் பிறகு குதிக்காலை என் கையில் பிடித்துக்கொண்டு, "பின்னுக்கு இழுங்கோ" என்றேன். பின்தொடையின் உட்பக்கத்தில் நாண்கள் கயிறு போல எழும்பின. அவற்றை விரலால் தடவிக்கொண்டே முன்பக்கம் இறங்கி வந்தால், முடிகிற இடமும் அவர் காட்டிய இடமும் ஒன்று. இழுக்கும்போதே அங்கே நொந்தது.

வேறு எதுவாக இருக்கலாம்

மூட்டுக்குள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு வட்டு கிழிந்திருந்தால் நோ மூட்டுக்கோட்டிலேயே இருக்கும், சில வேளை முழங்கால் பூட்டுப் போட்டது போல நின்றுவிடும். அம்மாவுக்கு மூட்டுக்கோட்டை அழுத்தும்போது இலேசான நோ இருந்தது, அது தேய்மானத்தின் பங்கு. பூட்டிக்கொள்வது இல்லை, மூட்டுக்குள் நீரும் இல்லை.

நான் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. வயதான பெண்களுக்கு எலும்பு பலம் குறைந்திருக்கும்போது, விழாமலேயே கணைக்கால் எலும்பின் மேற்பகுதியில், அநேகமாக இதே அளவு உயரத்தில், மயிர் அளவு வெடிப்பு வரலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அப்படியானவர்களுக்கு மட்டத்தில் நடந்தாலும் நோகும், நாளுக்கு நாள் கூடும். எலும்பைச் சுற்றி ஒரு பட்டையாகத் தடவினாலும் நோகும், ஒரு புள்ளியில் மட்டும் நிற்காது. அம்மாவின் மணல் நடை இங்கே எனக்குத் துணையாக இருந்தது. அப்படியிருந்தும், இரண்டு கிழமைக்குள் மட்டத்தில் நடக்கவும் நோகத் தொடங்கினால் காத்திருக்காமல் வர வேண்டும் என்று மகளிடம் இரண்டு தரம் சொன்னேன். அந்த இடம் சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தாலும் அப்படித்தான். சீனி உள்ளவருக்கு அது கிருமி ஏறியதாக இருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி இறுகினாலும் பொறுத்துப் பார்க்கக் கூடாது, அது இரத்தம் கட்டியதாக இருக்கலாம்.

ஸ்கான் எடுக்கலாமா என்று மகள் கேட்டார். எடுக்கத் தேவையில்லை என்றேன். இந்த வருத்தத்தோடு வருகிறவர்களில் பலருக்கு அல்ட்ராசவுண்டில் பையில் நீரே தெரிவதில்லை, நாணிலும் மாற்றம் இருப்பதில்லை. அதனால்தான் இப்போது பலர் பர்சைட்டிஸ் என்ற பெயரை விட்டு, பெஸ் அன்சரின் வலி என்று மட்டும் சொல்கிறார்கள். ஸ்கான் சுத்தமாக வந்தால் "ஒன்றும் இல்லையாம்" என்று வீட்டில் பேச்சு வரும், அந்த அம்மாவின் நோவுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். சந்தேகம் தீராவிட்டால், அல்லது வைத்தியத்துக்கு மாறாவிட்டால் எடுக்கலாம்.

பையில் இருந்த குளிசை

பரிசோதனை முடிந்து பிரசர் பார்த்தபோது 168க்கு 96. முன்பு 130இல் நின்றவர். கால் பாதமும் கொஞ்சம் வீங்கியிருந்தது. வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டதும் அம்மா மகளைப் பார்த்தார். மகள் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார், டைக்ளோபெனாக். பார்மசியில் கேட்டு வாங்கி மூன்று கிழமையாகக் காலையும் மாலையும் போட்டிருக்கிறார்.

நோவைக் குறைக்கும் இந்த வகைக் குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரசரை ஏற்றும். லொசார்ட்டன் போன்ற மருந்து எடுப்பவருக்குச் சிறுநீரகத்தின் மேல் இரட்டைச் சுமை. அதோடு நீர் போகும் குளிசையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும், வயதானவர்களின் சிறுநீரகம் சில நாட்களிலேயே கெட்டுவிடலாம். அன்றே நிறுத்தச் சொல்லி, இரத்தத்தில் கிரியேற்றினின் பார்த்தேன். 1.2 இருந்தது, முந்தைய வருடம் 0.9. பத்து நாள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 1.0க்கு வந்துவிட்டது, பிரசரும் இறங்கியது. குளிசைக்குப் பதிலாக அதே மருந்தின் களிம்பை நோகிற இடத்தில் ஒரு நாளைக்கு மூன்று தரம் பூசச் சொன்னேன். அந்த இடம் தோலுக்கு மிகக் கிட்ட இருப்பதால் களிம்பு கொஞ்சமாவது உதவும், இரத்தத்துக்குப் போவதும் குறைவு. தேவைப்பட்டால் மட்டும் பனடோல்.

வீட்டில் நொச்சி இலையைச் சுடவைத்து ஒத்தணம் பிடித்து வந்திருக்கிறார். நான் தடுக்கவில்லை, ஆனால் காலின் உணர்வைப் பார்த்தேன். சீனி வருத்தம் பழகினால் பாதத்தில் சூடு தெரியாமல் போகும், ஒத்தணத்தில் தோல் கொப்பளித்துப் புண்ணான ஆட்களைக் கண்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்காலில் உணர்வு நன்றாக இருந்தது, பெருவிரலில்தான் மங்கல். ஏறி இறங்கி நோ கிளம்பிய நேரத்தில் சூட்டை விட ஐஸ் நல்லது. துவாயில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் போதும், வெறும் ஐஸைத் தோலில் வைக்கக் கூடாது.

படிக்கட்டு

இவருக்கு ஏன் இப்போது வந்தது என்பதற்குப் பதில் வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன்.

நம்முடைய ஊர்வழக்கம் தெரியும்தானே, கலியாணத்தோடு வீடு மகளுக்குப் போகும். இவர் கடைசி மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் மேல்மாடியில் புதிதாகக் கட்டிய அறைக்குப் போயிருக்கிறார். கலியாணம் நடந்தது ஏழு மாதத்துக்கு முன். நோ தொடங்கியது அதற்கு ஓரிரு மாதம் கழித்து. கழிப்பறை கீழே, குசினியும் கீழே. அம்மாவே எண்ணிச் சொன்னார், ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தரம் ஏறி இறங்குகிறாராம். கையில் இருந்த நாடாவால் படியை அளந்தேன். ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குலம். எங்கள் வைத்தியசாலைப் படி ஏழு அங்குலம். படி ஒரு அங்குலம் கூடினாலே முழங்கால் கூடுதலாக மடங்க வேண்டும். பிடிக்கக் கைப்பிடியும் இல்லை, சுவர் மட்டும்தான்.

அவரை ஏறச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். வலது காலை வைத்து உடம்பைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் இடது பக்கமாக உள்ளே விழுந்தது. மேற்படியை எட்டும்போது இடுப்பும் ஒரு பக்கம் சரிந்தது. வருத்தத்தின் காரணம் முழுவதும் அந்த ஒரு அசைவில் தெரிந்தது.

கீழே உள்ள அறைக்கு மாறிவிடுங்கள் என்று சொல்வது எனக்கு இலேசு. அம்மா தலையை ஆட்டினார். "அது அவங்கட வீடு மனே. புதுசாக் கலியாணம் முடிச்ச பிள்ளைகள், நான் நடுவில போய்க் கிடக்கேலாது." அதை மருத்துவ அறிவுரையால் மறுத்துப் பேசக் கூடாது என்று பட்டது. மகளோடும் மருமகனோடும் இருந்து பேசினோம். முன்விறாந்தையில் பகலில் சரிந்து படுக்க ஒரு கட்டில் போடுவது, குளியலும் மத்தியானச் சாப்பாடும் முடித்துவிட்டே மேலே போவது, இரவுக்கு மேலே ஒரு கமோட் கதிரை வைப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். மருமகன் அடுத்த கிழமையே இரும்புக் குழாயில் கைப்பிடி அடித்துவிட்டார். பன்னிரண்டு தரம் மூன்றாகக் குறைந்தது.

ஏறும் விதமும் மாற்றினோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். இரண்டு பாதமும் ஒரே படிக்கு வந்த பிறகுதான் அடுத்த படி. இப்படிச் செய்தால் உடம்பைத் தூக்கும் வேலையும் இறக்கும் வேலையும் எப்போதும் நல்ல காலுக்கே வரும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னேன். அது மட்டும் மூன்றாவது இரவிலேயே பலன் தந்தது.

இழுத்து நீட்டுவது

எங்கள் இயன்மருத்துவர் இரண்டு நீட்டலும் இரண்டு பலப்பயிற்சியும் மட்டும் கொடுத்தார். ஒரு தாளில் பத்துப் பயிற்சி எழுதிக் கொடுத்தால் வீட்டில் ஒன்றுமே நடக்காது என்பது அவருடைய அனுபவம்.

முதலாவது பின்தொடைக்கு. கட்டில் ஓரத்தில் இருந்து, வலது காலை நீட்டி, குதிக்காலைத் தரையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாய வேண்டும். தொடையின் பின்னால் இழுவை தெரியும் இடத்தில் 30 செக்கன் நிற்க வேண்டும். மூன்று தரம், காலையும் மாலையும். அம்மா முதல் நாள் முதுகைக் கூனிக்கொண்டு கையால் பெருவிரலைத் தொடப் பார்த்தார். அப்படிச் செய்தால் முதுகுதான் இழுபடும், தொடை இழுபடாது. நெஞ்சை முன்னுக்குத் தள்ளுங்கோ என்று சொன்னதும் சரியாக வந்தது. இரண்டாவது உட்தொடைக்கு. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, இரண்டையும் பக்கங்களுக்கு மெதுவாக விழ விட வேண்டும், வெளிப்பக்கம் தலையணை தாங்கும்.

பலத்துக்கு, முழங்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து அதைக் கட்டிலோடு ஐந்து செக்கன் அழுத்துவது, பத்துத் தரம். அடுத்தது இடது பக்கம் சரிந்து படுத்து வலது காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்குவது. உள்ளே விழும் முழங்காலை நிறுத்துவது இந்த இரண்டாவதுதான். அதைச் செய்யும்போது இடுப்பு பின்னுக்குச் சரிந்தால் பலன் இல்லை. சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்துச் செய்யச் சொன்னோம்.

செய்த பிறகு அன்று மாலை நோ கொஞ்சம் கூடி, மறுநாள் காலையில் பழையபடி வந்தால் சரி. மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். அம்மா இரண்டாவது கிழமை அப்படிப் பாதியாக்கினார்.

ஊசி

ஐந்து கிழமையில் நோ பாதியளவு குறைந்தது. அதற்கு மேல் நகரவில்லை. இரவில் நித்திரை வந்தது, மூன்று தரம் ஏற முடிந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் நொந்தது. ஊசி போடலாமா என்ற கேள்வி வந்தது.

முதல் நாளே நான் ஊசி போடாததற்குக் காரணம் சீனி. வெறும் வயிற்றில் 190 இருந்தது. ஸ்டெரொய்ட் ஊசியை முழங்காலில் போட்டாலும் அதில் ஒரு பங்கு இரத்தத்துக்குப் போய்ச் சில நாட்களுக்குச் சீனியை ஏற்றும். அந்த ஐந்து கிழமையில் மாவும் சீனித் தேநீரும் குறைத்து, மெட்ஃபோர்மினும் கூட்டி 138க்கு வந்திருந்தார்.

தோலைச் சுத்தம் செய்து, அதிகம் நோகும் புள்ளியில் மெல்லிய ஊசியை எலும்பு தட்டும் வரை இறக்கி, ஒரு மயிரிழை பின்னுக்கு எடுத்து, 40 மில்லிகிராம் மெதில்பிரெட்னிசோலோனையும் 2 மில்லிலீற்றர் லிக்னோகெயினையும் சேர்த்து விட்டேன். மருந்து இலேசாகப் போக வேண்டும். தள்ளத் தள்ளப் போகாமல் எதிர்த்தால் ஊசி நாணுக்குள் நிற்கிறது என்று அர்த்தம், அங்கே விட்டால் நாண் பலம் குறைந்து அறுந்தும் போகலாம். தோலுக்குக் கிட்ட விட்டால் அந்த இடத்தில் கொழுப்பு கரைந்து குழி விழும், தோல் வெளுக்கும். கறுத்த தோலில் அது நன்றாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

பத்து நிமிடம் கழித்து வைத்தியசாலைப் படியில் ஏறச் சொன்னேன். லிக்னோகெயின் மரத்துப் போகச் செய்வது அந்த இடத்தை மட்டும்தான், மூட்டுக்குள் அது போகாது. அதனால் நோ நின்றால் நோவின் இடம் அதுதான் என்று உறுதி. அம்மா ஆறு படி ஏறித் திரும்பி நின்று, முழங்காலைக் குனிந்து பார்த்தார். "இல்லை மகன்" என்றார். மூட்டுக்கோட்டில் மட்டும் இலேசான உளைவு மிச்சம் இருந்தது.

இரண்டு நாள் படி ஏறாமல் கீழே விறாந்தைக் கட்டிலிலேயே படுத்தார். சீனியை ஐந்து நாள் காலையில் பார்க்கச் சொன்னேன். மறுநாள் 236, அதற்கடுத்த நாள் 221, பிறகு 187, 160, ஐந்தாம் நாள் 142. இப்படி ஏறும் என்று முதலே சொல்லாமல் விட்டிருந்தால், பயந்து மருந்தைத் தாங்களே கூட்டியிருப்பார்கள். 300க்கு மேல் போனால் உடனே வரச் சொல்லியிருந்தேன், தேவைப்படவில்லை.

திரும்பி வந்தது

இரண்டு மாதம் நன்றாக இருந்தார். எடை 76இலிருந்து 73 ஆனது. பிறகு ஒரு நாள் அதே விரலோடு வந்தார்.

கோயில் சடங்குக் காலம். வீட்டுக்குச் சனம் வந்து, நாலு நாள் பலகையில் குந்தித் தேங்காய் திருவியிருக்கிறார். மேல்மாடியிலிருந்து பாய் தலையணை இறக்கி ஏற்றியிருக்கிறார். நீட்டல் பயிற்சியை நோ நின்ற அன்றே விட்டுவிட்டார். நோ போனால் பயிற்சியும் போய்விடும், இந்த வருத்தம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் வழி. ஊசி அழற்சியைத் தணித்தது, முழங்கால் உள்ளே விழும் அந்த அசைவை அது தொடவில்லை.

இன்னொரு ஊசி போடச் சொல்லி மகள் கேட்டார். போடவில்லை. ஒரே இடத்தில் அடிக்கடி போடுவது நாணுக்கு நல்லதில்லை, சீனிக்கும் நல்லதில்லை. பத்து நாள் களிம்பு, ஐஸ், படியைக் குறைப்பது, திரும்பவும் அந்த நாலு பயிற்சி. திருவலையை உயர்த்தி மேசை ஓரத்தில் பூட்டும் வகையொன்றை மகள் வாங்கினார், குந்தத் தேவையில்லை. பாதம் தட்டையாக இருப்பதால் வீட்டுக்குள்ளும் வளைவு தாங்கும் செருப்பு போடச் சொன்னோம். நாலு கிழமையில் ஊசியில்லாமலே அடங்கியது. அதன் பிறகு நாலு அங்குலப் பலகையில் ஏறி இறங்கும் பயிற்சியைச் சேர்த்தோம். கண்ணாடிக்கு முன்னால் நின்று, முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

கடைசியாகப் பார்த்தபோது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு நாலு தரம் ஏறுகிறார். முழங்கால் இன்னும் உளைகிறதா என்று கேட்டேன். மழைநாளில் கொஞ்சம் என்றார். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, சேலையை உயர்த்தி மூட்டுக்கோட்டில் விரலை வைத்தார். "இது பழசு, இது கிடக்கட்டும்." விரலை மூன்று விரல் அகலம் கீழே இறக்கி அழுத்திக் காட்டினார். "இதுதான் படிக்கட்டு. இது இப்ப இல்லை."